பாம்பு கடித்தால் கட்டவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம்



காலையில் கொழுந்து எடுக்கும்போது, தேயிலைத் தூரில் கிடந்த பாம்பு ஒரு அக்காவின் விரலில் கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் நிற்கிற உங்களுக்குச் சேலைத் துண்டால் கையை இறுகக் கட்டத்தான் முதலில் தோன்றும். அப்படிச் செய்ய வேண்டாம். விரியன் கடித்த இடம் வீங்கும். அதற்கு மேல் கட்டும் போட்டால் இரத்த ஓட்டம் நின்று, சதை அழுகி, விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரலாம். யாராவது ஏற்கெனவே இறுகக் கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்காதீர்கள். தேங்கிய விஷம் ஒரேயடியாக உடம்பில் ஏறும். ஆஸ்பத்திரியில் வைத்தியர் பார்த்து அவிழ்ப்பார்.

பிளேட்டால் கீறினாலும் விஷம் வெளியே வராது. விரியன் விஷம் இரத்தத்தை உறையவிடாது என்பதால், சின்னக் கீறலும் நிற்காமல் ஒழுகும். வாய் வைத்து உறிஞ்சுவதும் வேண்டாம்.

அந்த அக்காவைப் பாம்பு இருக்கும் இடத்தை விட்டு நகர்த்தி உட்கார வையுங்கள். வீங்குவதற்கு முன் மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். கையை அசைக்காமல் வைக்க ஒரு குச்சியைச் சேர்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். கடித்த நேரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வாருங்கள். 1990க்கு அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும். பாம்பைத் துரத்திப் பிடிக்க வேண்டாம். தூரத்திலிருந்து போனில் படம் எடுக்க முடிந்தால் போதும்.

ஆஸ்பத்திரியில் கொஞ்சம் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். சரித்துப் பார்க்கும்போது உறையாமல் ஓடினால், விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

விஷ முறிவு மருந்தைக் குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கிறார்கள். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றினால், அதன் உடம்பு அந்த விஷத்தைப் பிடித்து அடக்கும் எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும். அதுதான் மருந்து. இரத்தத்தில் ஓடுகிற விஷத்தை அது அடக்கும். ஏற்கெனவே கெட்டுப்போன சதையையோ நரம்பையோ அதனால் சரியாக்க முடியாது. அதனால்தான் சீக்கிரம் போகச் சொல்கிறோம். பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்குக் கொடுக்கும் அதே அளவுதான், ஏனென்றால் பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. மருந்து ஏறும்போது சிலருக்கு நடுக்கமும் மூச்சுத் திணறலும் வரும். ஆஸ்பத்திரியில் அல்லாமல் வேறு இடத்தில் கொடுக்க முடியாது என்பதற்கு அதுவே காரணம்.

இன்னொன்று. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்து இந்தியாவில் செய்த மருந்துதான் இங்கே வழக்கமாகக் கொடுக்கப்படுகிறது. தேயிலை மலையில் கடிக்கிற, மூக்கு நுனி மேலே தூக்கிய சின்ன விரியனுக்கு அது வேலை செய்யாது. சிங்களத்தில் அதைக் குணகட்டுவா என்பார்கள். அது கடித்தவருக்கு ஊசி போடவில்லை என்றால், கவனிக்காமல் விட்டார்கள் என்று நினைத்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிடாதீர்கள். அந்த விஷம் சிலருக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வைத்தியர் போகச் சொல்லும் வரை வார்ட்டில் இருங்கள். வீட்டுக்கு வந்த பிறகு சிறுநீர் குறைந்தாலோ நிறம் மாறினாலோ அன்றைக்கே திரும்பிப் போங்கள்.