ஜன்னல் டிராக்கில் ஒரு சின்னத் துளை

கடலூரில் கடற்காற்று கொண்டுவரும் உப்பும், சிதம்பரம் பக்கம் அறுவடை நாட்களில் பறக்கும் வயல் தூசியும் அலுமினிய ஜன்னலின் கீழ் டிராக்கில்தான் போய்ப் படிகின்றன. உப்பு ஈரத்தை இழுக்கும். அதனால் தூசி சேறாகி, மழைத்தண்ணீர் வெளியேறுவதற்காக விட்டிருக்கும் சின்னத் துளையை அடைத்துவிடும். அப்புறம் ஐப்பசி மழை வீட்டுக்குள்தான் வழியும்.

எடுத்த எடுப்பில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தூசியை முதலில் கூட்டி அள்ளுங்கள். மூலையில் இறுகிப்போனதை, சோப்புத் தண்ணீரில் நனைத்த பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். துளையை ஈர்க்குச்சியால் குத்திவிட்டு, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெளிப்பக்கம் ஒழுகினால் வழி திறந்துவிட்டது. தேங்கி நின்றால் அடைப்பு இன்னும் இருக்கிறது.

கொசுவலைச் சட்டத்தைக் கழற்றித் தரையில் படுக்கவைத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சால் மெதுவாகத் துடையுங்கள். அழுத்தினால் வலை தொய்ந்து, ஓரத்து ரப்பர் கயிறு கழன்றுவிடும்; அந்த இடுக்கு போதும் கொசுவுக்கு. ஆசிட் வேண்டவே வேண்டாம், அலுமினியத்தை அரித்துவிடும். நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து மாட்டுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் புரட்டாசியிலேயே இதை முடித்துவிடுங்கள்.