ஹெட்நோட் வேறு, தீர்ப்பு வேறு



சில வருஷங்களுக்கு முன் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையிலிருந்து ஒரு தொழிலாளி என்னிடம் வந்தார். ஒரே ஆலையில் பதினோரு வருஷம் வேலை. காண்ட்ராக்டர்கள் நாலு பேர் மாறினார்கள். இவர் நின்ற மெஷின் மாறவில்லை. லீவு கொடுப்பதும் வேலை வாங்குவதும் ஆலை சூப்பர்வைசர்தான். என் ஜூனியர் சட்ட இதழைப் புரட்டிவிட்டு, "கேஸ் நிக்காது சார். காண்ட்ராக்ட் ஆளை நிரந்தரமாக்க முடியாதுன்னு 2001-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு" என்றார். அவர் படித்தது ஹெட்நோட்.

ஹெட்நோட்டை எழுதுவது நீதிபதி அல்ல, இதழின் ஆசிரியர் குழு. தேடுவதற்கு அது உதவும். கோர்ட்டில் அதைத் தீர்ப்பு என்று நீட்டக்கூடாது.

அந்த வழக்கு ஸ்டீல் அதாரிட்டி வழக்கு. 2001 ஆகஸ்டு 30-ல் ஐந்து நீதிபதிகள் அளித்த தீர்ப்பு. 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 10-ஆம் பிரிவில் அரசு ஒரு வேலைக்குக் காண்ட்ராக்ட் முறையைத் தடை செய்தால், அந்த ஆட்கள் தாமாகவே கம்பெனி ஊழியர் ஆகிவிடுவார்களா? இதுதான் கேள்வி. ஆவார்கள் என்று முன்பு ஏர் இந்தியா வழக்கில் சொல்லப்பட்டிருந்தது. ஐவர் அமர்வு அதை மாற்றியது. காரணம், அந்தப் பிரிவில் வெளிப்படையாகவோ உட்பொருளாகவோ அப்படி ஏதும் இல்லை என்பதே. இந்தக் காரணத்தைத் திருப்பிப் போட்டால் முடிவும் திரும்பிவிடும். ஆகவே இது ரேஷியோ.

அதே தீர்ப்பைக் கடைசிவரை படியுங்கள். காண்ட்ராக்ட் வெறும் கண்துடைப்பா என்பதைத் தொழில் தீர்ப்பாயம் சாட்சியத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். கண்துடைப்புதான் என்றால் அவர்கள் கம்பெனியின் ஊழியர்களே என்கிறது. நம்ம ஆளுக்கு வேண்டியது அந்தப் பக்கம்தானே! அவருக்குத் தடை அறிவிப்பே கிடையாது. ரேஷியோ அவர் வழக்கைத் தொடவே இல்லை.

இன்னொன்றும் அங்கே உண்டு. காண்ட்ராக்ட் உண்மையானதாக இருந்து தடை வந்தால், பிறகு நிரந்தர ஆள் எடுக்கும்போது பழைய ஆட்களுக்கு முன்னுரிமை தரவேண்டும், வயதைத் தளர்த்த வேண்டும் என்கிறது. இதை எடுத்துவிட்டாலும் முடிவு மாறாது. ஆபிட்டர் என்று வாதிடலாம். ஆனாலும் சொன்னது உச்ச நீதிமன்றம். கீழ்க்கோர்ட்டில் தள்ளிவிட்டுப் போக முடியாது.

தொழில் தகராறு எழுப்பினோம். லீவு சீட்டு, ஷிப்ட் பட்டியல், கேட் பாஸ் எல்லாம் தேடி எடுத்தோம்.

2025 நவம்பர் 21 முதல் 1970 சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. ஹெட்நோட்டின் முடிவை மட்டும் மனப்பாடம் செய்தவர் இன்றும் அதையே சொல்வார். ரேஷியோவைப் பிடித்தவர் புதுப் பிரிவைத் திறந்து, அதன் வாசகம் பழையதுபோலவே இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்.