வாசலில் மறுத்த பார்சலும் திரும்பிப் போன பார்சலும்

(காலாண்டுக் கூட்டத்தில் பி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர் லாரி, லிப்ட் பராமரிப்பு எல்லாம் பேசி முடித்த பிறகு செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். நான் ஒரு கூரியர் கம்பெனியின் கிளை அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் நம் குடியிருப்பில் யாருக்காவது பார்சல் விஷயத்தில் பணம் சிக்கிக்கொண்டால் என் வீட்டு மணி அடிக்கும். இந்த மூன்று மாதத்தில் கேட்ட கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "நான்தான் வாங்கவே இல்லையே சார், திருப்பி அனுப்பிட்டேனே, அப்புறம் ஏன் முழுப் பணம் வரவில்லை?"

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். உங்கள் டிராக்கிங் பக்கத்தில் RTO என்று வந்தால் பயப்படாதீர்கள், அது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் இல்லை. Return to Origin, அதாவது பார்சல் அனுப்பியவரிடமே திரும்பிப் போகிறது என்று அர்த்தம். வாசலில் "வேண்டாம்" என்று சொல்வது ஒரு முடிவு. ஆர்.டி.ஓ. என்பது அந்தப் பார்சல் திரும்பிப் போகும் பயணம். நீங்கள் மறுத்த பார்சல் எல்லாம் கடைசியில் ஆர்.டி.ஓ. ஆகும். ஆனால் ஆர்.டி.ஓ. ஆகும் பார்சல் எல்லாம் நீங்கள் மறுத்தது அல்ல. வீடு பூட்டியிருந்தாலும், போன் எடுக்காவிட்டாலும், முகவரியில் பிளாக் எண் இல்லாவிட்டாலும் அதே பயணம்தான். இந்த வேறுபாட்டில்தான் உங்கள் நாட்களும் பணமும் இருக்கின்றன.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சின்ன இணையக் கடை ஒன்றில் 2,400 ரூபாய்க்குப் புடவை, 90 ரூபாய் கூரியர், மொத்தம் 2,490 ரூபாயை யு.பி.ஐ.யில் கட்டிவிட்டீர்கள். பார்சல் கிளம்பிய பிறகு வேண்டாம் என்று தோன்றிவிட்டது. செவ்வாய்க்கிழமை டெலிவரி தம்பி வருகிறார். நீங்கள் நேரில் நின்று "வேண்டாம்ப்பா, திருப்பி எடுத்துட்டுப் போ" என்கிறீர்கள். அவர் கையிலிருக்கும் கருவியில் Consignee Refused என்று பதிவார். பல கூரியர்களில் அப்போது உங்கள் போனுக்கு ரத்து செய்வதற்கான ஓ.டி.பி. வரும். உண்மையிலேயே வாடிக்கையாளர்தான் மறுத்தாரா, இல்லை தம்பி மாடி ஏறச் சோம்பல்பட்டு அப்படிப் போட்டாரா என்று உறுதி செய்ய அது. புதன்கிழமை RTO Initiated என்று மாறும். அடுத்த செவ்வாய் அளவில் கடைக்காரர் கைக்குப் போய் RTO Delivered ஆகிறது என்று வையுங்கள்.

இப்போது இதையே வேறு மாதிரி பாருங்கள். நீங்கள் அலுவலகத்தில் இருக்கிறீர்கள். கேட்டில் இருந்து செயலியில் அறிவிப்பு வருகிறது. வேண்டாத பார்சல்தானே என்று Deny அழுத்திவிடுகிறீர்கள். நீங்கள் மறுத்ததாக நினைக்கிறீர்கள். ஆனால் அந்தச் செயலி கேட்டுக்குள் ஆளை விடுவதா வேண்டாமா என்பதற்கானது. அதற்கும் கூரியர் கம்பெனிக்கும் தொடர்பு கிடையாது. கேட்டில் நின்ற தம்பி Customer Not Available என்று போட்டுவிட்டுப் போவார். புதன் மறுபடி வருவார், வியாழன் மறுபடி. பொதுவாக மூன்று முறை முயன்ற பிறகுதான் பார்சலைத் திருப்புவார்கள். வெள்ளிக்கிழமைதான் RTO Initiated. ஒரு சொல்லில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் இரண்டு நாள் தள்ளிப்போகிறது. நடுவில் ஞாயிறு, பண்டிகை வந்தால் இன்னும் தள்ளும். நம் செக்யூரிட்டி அண்ணன்மார் "வீட்ல ஆள் இல்ல" என்று அனுப்பிவிட்டாலும் இதே கதைதான்.

நாள் எண்ணிக்கை ஏன் முக்கியம் என்றால், சின்னக் கடைகள் பெரும்பாலும் RTO Delivered ஆன பிறகுதான் ரீஃபண்ட் கணக்கைத் தொடங்கும். பார்சல் வந்து, பிரித்துப் பார்த்து, அதன் பிறகு பணம் போடுவார்கள். அதற்கு மேல் வங்கி எடுக்கும் நாட்கள். பெரிய தளங்களில் சில, பார்சல் திரும்புகிறது என்று கூரியர் பதிவு வந்தவுடனேயே பணத்தை விடுவிக்கின்றன. எந்த வகையானாலும் கடிகாரம் ஓட ஆரம்பிப்பது அந்தப் பதிவிலிருந்துதான், நீங்கள் மனசுக்குள் வேண்டாம் என்று நினைத்த நாளிலிருந்து அல்ல.

இனி பிடித்தம். அந்தப் புடவைக் கடையைப் பொறுத்தவரை, கூரியர் கம்பெனி போனதற்கு ஒரு கட்டணமும் திரும்பியதற்கு இன்னொரு கட்டணமும் அவரிடம்தான் வாங்கும். பார்சல் விற்கவில்லை, இரண்டு பக்கக் கூலி மட்டும் போயிற்று. அதனால் பல கடைகள் தங்கள் விதிமுறைப் பக்கத்தில் "டெலிவரியை மறுத்தால் இருபக்கக் கூரியர் கட்டணம் கழிக்கப்படும்" என்று எழுதி வைத்திருக்கும். பக்கத்துக்கு 90 ரூபாய் என்றால் 180 போய் உங்களுக்கு 2,310 ரூபாய் வரும். மனம் மாறியதால் மறுத்திருந்தால், அதுவும் வாங்கும்போதே எழுதிக் காட்டியிருந்தால், இதில் சண்டை போட எனக்கு நியாயம் தெரியவில்லை. சரக்கில் குறை இல்லை, அவர் சொன்னபடி அனுப்பினார்.

ஆனால் உங்கள் மேல் தவறே இல்லாதபோதும் இதே பிடித்தம் நடக்கிறது. அங்கேதான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். அந்தப் புடவை 10ஆம் தேதி கல்யாணத்துக்காக. 8ஆம் தேதிக்குள் வரும் என்று தளத்தில் போட்டிருந்தார்கள். வந்தது 15ஆம் தேதி. நீங்கள் கோபத்தோடு மறுத்துவிட்டீர்கள். கூரியர் பதிவில் என்ன இருக்கும்? அதே Consignee Refused. எதற்காக மறுத்தீர்கள் என்பது அதில் இருக்காது. கடைக்காரர் பார்வையில் நீங்களும் மனம் மாறியவரும் ஒன்றுதான். 180 ரூபாயைக் கழித்துவிடுவார்.

நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020இல் வெளியாயின. குறையுள்ள பொருள், போலி, விளம்பரப்படுத்தியபடி இல்லாத பொருள், சொன்ன தேதிக்குப் பிந்தி வந்த பொருள் இவற்றைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. யார் கையிலும் இல்லாத காரணத்தால் தாமதம் என்றால் மட்டும் விலக்கு உண்டு. டிசம்பர் வெள்ளத்தில் பார்சல் தாமதமானதற்கு இந்த விதியைக் காட்ட முடியாது. மற்றபடி இது உங்கள் பக்கம்தான். ஆனால் காரணம் தாமதம் என்பதை நீங்கள் எழுத்தில் வைத்திருக்க வேண்டும். வாசலில் மறுத்த அன்றே கடைக்கு ஒரு மின்னஞ்சல் அல்லது வாட்ஸ்அப் அனுப்புங்கள். இரண்டு வரி போதும்: "8ஆம் தேதிக்குள் வரும் என்று சொன்ன ஆர்டர் 15ஆம் தேதி வந்ததால் டெலிவரியை மறுத்துவிட்டேன். கட்டணம் உட்பட 2,490 ரூபாயை முழுமையாகத் திருப்பித் தரவும்." கூடவே 8ஆம் தேதி என்று காட்டிய பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட். பிறகு நீங்கள் பேசப்போகும் எல்லாவற்றுக்கும் ஆதாரம் இந்த இரண்டு வரிதான். பெட்டி நசுங்கி, டேப் பிரிந்து வந்தால் தம்பி கையில் இருக்கும்போதே ஒரு போட்டோ எடுத்துவிட்டு மறுங்கள்.

இப்போது ஓ.டி.பி. பற்றி. டெலிவரிக்கு ஒரு ஓ.டி.பி., ரத்து செய்ய ஒரு ஓ.டி.பி., இரண்டும் ஒரே கம்பெனி பெயரில் வரும். மறுக்கும்போது தவறாக டெலிவரி எண்ணைச் சொல்லிவிட்டால் பதிவில் Delivered ஆகிவிடும். பார்சல் தம்பியோடு போய்விட்டது, பதிவிலோ உங்கள் கையில் இருக்கிறது. பிறகு கடைக்காரர் "டெலிவரி ஆகிவிட்டதே, ரிட்டர்ன் போடுங்கள்" என்பார், போடுவதற்கு உங்களிடம் பொருள் இருக்காது. மறுப்பில் வரும் சிக்கல்களிலேயே தீர்க்கக் கடினமானது இதுதான். ஆகவே எண்ணை மட்டும் பார்க்காமல் குறுஞ்செய்தியை முழுதாகப் படியுங்கள். ரத்து என்று எழுதியிருந்தால் மட்டுமே சொல்லுங்கள். பத்து நிமிடம் கழித்து டிராக்கிங்கைத் திறந்து பாருங்கள். Delivered என்று காட்டினால் அன்றே புகார் போடுங்கள். அன்றைய கேட் கேமரா பதிவையும் அலுவலகத்தில் சொல்லி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நம் பதிவு சில நாட்களில் அழிந்துவிடும்.

கேஷ் ஆன் டெலிவரியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பணமே கட்டாததால் ரீஃபண்ட் பேச்சு இல்லை. ஆனால் சில கடைகள் 100, 200 ரூபாய் முன்பணம் வாங்குகின்றன. மறுத்தால் அது போகும் என்று விதியில் எழுதியிருப்பார்கள். அடிக்கடி மறுக்கும் கணக்குக்கு அந்த வசதியை நிறுத்திவிடும் தளங்களும் உண்டு. நீங்கள் ஆர்டரே செய்யாமல் கேஷ் ஆன் டெலிவரி பார்சல் வந்தால் யோசிக்காமல் மறுங்கள். முக்கியமாக, "வந்தா குடுத்து வாங்கி வைங்க" என்று செக்யூரிட்டியிடம் பொதுவாகச் சொல்லி வைக்காதீர்கள். எந்தப் பார்சல், எவ்வளவு தொகை என்று அன்றன்று சொல்லுங்கள்.

நீங்கள் விரும்பிய பொருளே ஆர்.டி.ஓ. ஆகப் போனால்? ஊருக்குப் போயிருக்கிறீர்கள், இரண்டு முயற்சி ஆகிவிட்டது. RTO Initiated ஆவதற்கு முன் கூரியரையோ தளத்தையோ தொடர்புகொண்டு வேறு நாள் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். ஆன பிறகு நடுவழியில் திருப்புவது மிகக் கடினம். பணம் வரும், ஆனால் தள்ளுபடி விலையில் வாங்கியது அதே விலையில் மறுபடி கிடைக்கும் என்று நம்பாதீர்கள். "முகவரி தவறு, 5 ரூபாய் கட்டித் திருத்துங்கள்" என்று குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடவே வேண்டாம். கூரியரின் சொந்தச் செயலியில் போய்ப் பாருங்கள்.

கடைசியாக, "பணம் அனுப்பிவிட்டோம்" என்று கடை சொல்லி, வங்கியில் வரவில்லை என்றால். யு.பி.ஐ. ஆனால் 12 இலக்க RRN எண்ணைக் கேளுங்கள். கார்டு என்றால் ARN எண். அந்த எண்ணோடு வங்கிக்குப் போனால் பணம் எங்கே நிற்கிறது என்று அவர்களால் தேட முடியும். எண் தர மறுத்தால் பணம் கிளம்பவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பதும் அதே 2020 விதிகளில் இருக்கிறது. அதுவும் நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அழைக்கும்போது ஆர்டர் எண், டிராக்கிங் எண், நீங்கள் அனுப்பிய அந்த இரண்டு வரி மூன்றும் கையில் இருக்கட்டும்.

எழுதித் தர உதவி வேண்டுமானால் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் கிளப் ஹவுஸில் இருப்பேன். டிராக்கிங் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு வாருங்கள்.