ராத்திரி எழுந்தால் தலைசுற்றல்

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் மருந்துக்கடையில் நின்று ஒரு மகன் கேட்டார்: "அண்ணாச்சி, அப்பாவுக்கு ராத்திரி தூக்க மாத்திரையோட பிரஷர் மாத்திரையும் கொடுக்கோம். ஒண்ணுக்குப் போக எந்திரிச்சா தலை சுத்துதுங்காரு."

மருந்தாளுநர் சீட்டைப் பார்த்தார். குளோனசிபாம், டெல்மிசார்டான், கூடவே நீர் பிரிக்கிற ஒரு மாத்திரை.

"நீர் மாத்திரை அவரை எழுப்பி விடுது தம்பி. எந்திரிச்சதும் பிரஷர் இறங்குது. தூக்க மாத்திரை வேற தள்ளாட வைக்குது. 5 நிமிஷம் படுக்க வச்சுப் பிரஷர் பாருங்க. நிக்க வச்சு 1, 3 நிமிஷத்துல திரும்பப் பாருங்க. மேல் அளவு 20 குறைஞ்சா உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க. நீர் மாத்திரையைக் காலைக்கு மாத்தலாமான்னும் கேளுங்க."

"தூக்க மாத்திரையை நிறுத்திரட்டுமா?"

"தினமும் போடுறதைத் திடீர்னு நிறுத்தினா வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்லித்தான் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். அதுவரைக்கும் கட்டில்ல சித்த நேரம் உட்கார்ந்துட்டு எந்திரிக்கச் சொல்லுங்க."