மாத்திரையை நிறுத்திய பின் மாதவிலக்கு

(கோலா பிலா வட்டாரத் தோட்டமொன்றின் மண்டபத்தில், ஓய்வுபெற்ற தாதி ஒருவர் மாதர்களிடையே ஆற்றிய உரை)



சில காலத்துக்கு முன் இவ்வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு பெண் என்னைக் காண வந்தார். வயது 31. பால்மரம் வெட்டுபவர். ஆறு வயதில் ஒரு மகள் உண்டு. மகள் பிறந்த பின் ஐந்தாண்டுக் காலம் கருத்தடை மாத்திரை சாப்பிட்டு வந்தார். இன்னொரு பிள்ளை வேண்டுமென்று கணவனும் மனைவியும் கூடிப் பேசி மாத்திரையை நிறுத்தினார்கள். அதன்பின் மாதவிலக்கு ஒழுங்காக வரவில்லை. "மாத்திரை கர்ப்பப்பையை வறட்டிவிட்டது, இனி இவளுக்குப் பிள்ளை கிடையாது" என்று மாமியார் வீடு முழுவதும் சொல்லி வருகிறாராம். "மிசி, நானே என் வயிற்றைக் கெடுத்துக்கொண்டேனா?" என்று அந்தப் பெண் கேட்டார். கண்ணீரோடு கேட்ட அந்தக் கேள்விக்குரிய விடையையே இன்று உங்களுக்கு விளக்க வந்திருக்கிறேன்.

முதலில் மாத்திரை செய்யும் வேலையைத் தெரிந்துகொள்வோம். நம் மூளையின் அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. அது அனுப்பும் உத்தரவின்படி சூலகத்தில் ஒரு சினைமுட்டை முதிர்ந்து வெளிப்படுகிறது. கரு தங்காவிடில், முட்டை வெளிப்பட்டு ஏறக்குறைய 14 நாட்களில் கர்ப்பப்பையின் உட்படலம் உதிர்ந்து மாதவிலக்காகிறது. மாத்திரையில் உள்ள இரண்டு ஹார்மோன்கள் அந்த உத்தரவை நிறுத்திவைக்கின்றன. முட்டை முதிர்வதில்லை, ஆகவே கருவும் தங்குவதில்லை. 21 நாட்கள் மாத்திரை சாப்பிட்டு, அடுத்த 7 நாட்கள் நிறுத்துகிறோம், அல்லது மருந்தில்லாத மாத்திரையை விழுங்குகிறோம். ஹார்மோன் குறைவதால் அந்த ஏழு நாட்களில் இரத்தம் படுகிறது. முட்டை வெளிப்பட்டு அதன்பின் வரும் இயற்கையான மாதவிலக்கு அன்று அது. அட்டையின் கணக்குப்படி வரவழைக்கப்படும் இரத்தப்போக்கு, அவ்வளவே.

நம் தோட்டத்தில் பெரட்டு மணி அடித்தால் விடியலில் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறோம். இயல்பாகவே அதிகாலையில் விழிப்பவரும், வெயில் ஏறும்வரை தூங்கும் பழக்கமுடையவரும் அந்த மணிக்குக் கட்டுப்பட்டவரே. மணி அடிக்காத விடுமுறை நாளில்தான் யார் யாருடைய வழக்கம் எது என்பது தெரியவரும். அன்று ஒருவர் தாமதமாக எழுந்தால் மணி அவரைக் கெடுத்துவிட்டது என்று சொல்வோமா? மாத்திரை அந்த மணியைப் போன்றது. நாற்பது நாளுக்கொரு முறை விலக்காகும் பெண்ணுக்கும் அது இருபத்தெட்டு நாளில் இரத்தம் வரச்செய்யும். ஐந்தாண்டுகள் அப்படி வந்தபின், அதுவே தம்முடைய இயல்பு என்று அவர் எண்ணிவிடுகிறார். பழைய வழக்கம் நினைவிலிருந்தே போய்விடுகிறது.

மாத்திரையை நிறுத்தினால் என்ன நடக்கிறது? கடைசி மாத்திரைக்குப் பின் இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் ஒருமுறை இரத்தம் படும். அது மாத்திரை விட்டுச்சென்ற இரத்தப்போக்கு. மருந்து சில நாட்களிலேயே உடலை விட்டு நீங்கிவிடும். கர்ப்பப்பையில் தேங்கி நிற்பதில்லை. அதன்பின் சுரப்பி மீண்டும் உத்தரவிட வேண்டும், சூலகம் முட்டையை முதிரச் செய்ய வேண்டும். ஆகவே இயற்கையான முதல் விலக்கு பெரும்பாலோருக்கு நான்கு முதல் ஆறு வாரங்களில் வரும். சிலருக்குச் சற்றுத் தாமதமாகும். மூன்று மாதத்துக்குள் பெரும்பாலோருக்கு வந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. முதல் விலக்கு வருவதற்கு முன்பே முதல் முட்டை வெளிப்படுகிறது. "இன்னும் விலக்காகவில்லையே, இப்போது பிள்ளை உண்டாகாது" என்று நம்பி இருந்த பெண்கள் ஒருமுறைகூட விலக்காகாமலே கருவுற்றதுண்டு. பிள்ளை வேண்டாதவர்கள் மாத்திரையை நிறுத்திய அன்றிலிருந்தே வேறு முறையைக் கைக்கொள்ள வேண்டும். பிள்ளை வேண்டுமென்று காத்திருப்பவர்கள், விலக்கு தள்ளிப்போனால் முதலில் சிறுநீர்ச் சோதனை செய்து கர்ப்பமா என்று பார்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு நாட்டு மருந்து கடைக்கு ஓடுவது ஆபத்து.

மாத்திரை மலட்டுத்தன்மையை உண்டாக்குமா என்ற ஐயம் நம் தோட்டத்தில் மட்டும் தோன்றியதன்று. 1960-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அதன்பின் சில ஆண்டுகளில், நிறுத்திய பிறகும் விலக்கு வராத பெண்களைக் கண்ட மேலைநாட்டு மருத்துவர்கள் அதற்குத் தனிப் பெயரே சூட்டினார்கள். பின்னர் ஆராய்ந்தபோது, மாத்திரையே சாப்பிடாத பெண்களிடமும் ஏறக்குறைய அதே அளவில் விலக்கு நின்றுபோவது தெரியவந்தது. ஆறு மாதத்துக்கு மேலும் விலக்கு வராதவர் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அவர்களிலும் பலருக்கு முன்பிருந்தே ஒழுங்கற்ற வழக்கம் இருந்தது. 1968-இல் பிரிட்டனில், ஆக்ஸ்போர்டு மருத்துவர்களால் தொடங்கப்பட்ட பேராய்வு பல ஆயிரம் பெண்களை நெடுங்காலம் கவனித்தது. தொடக்கத்தில் சிலருக்குச் சிறிது தாமதம் இருந்தாலும், நாளடைவில் மாத்திரை சாப்பிட்டவரும் சாப்பிடாதவரும் ஒரே அளவில் பிள்ளை பெற்றார்கள். பின்னாளில் ஐரோப்பாவில் நடந்த ஓர் ஆய்வில், பிள்ளை வேண்டி மாத்திரையை நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 79 பேர் ஓராண்டுக்குள் கருவுற்றனர்.

நம் நாட்டில் தேசியக் குடும்பத் திட்ட வாரியம் 1966-இல் அமைந்த காலத்திலிருந்து மாத்திரை வழக்கில் உள்ளது. பாட்டி, தாய், மகள் என்று மூன்று தலைமுறையும் அதை அறியும். மாமியார் சொல்லும் அச்சமும் அந்தப் பாட்டி காலத்ததே. மூன்று மாதத்துக்கொரு முறை போடும் கருத்தடை ஊசியோடு மாத்திரையைக் குழப்பிக்கொள்வதும் அதற்கு ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். ஊசியை நிறுத்தியவர் கருவுறக் கடைசி ஊசியிலிருந்து சராசரியாக ஒன்பது, பத்து மாதம் ஆகும். மாத்திரைக்கு அந்தத் தாமதம் இல்லை.

இனி நம் பெண்ணின் கணக்கைப் பார்ப்போம். வீட்டு நாட்காட்டியில் அவர் நாள் குறித்து வைத்திருந்தார். அது பெரும் உதவியாயிற்று. கடைசி மாத்திரை ஜனவரி 10. இரத்தம் பட்டது 13-ஆம் தேதி. அடுத்தது மார்ச் 1, பிறகு ஏப்ரல் 11, பிறகு மே 25. இரத்தம் படத் தொடங்கும் நாளையே முதல் நாளாகக் கொண்டு எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் இடைவெளிகள் 47, 41, 44 நாட்கள். நீளமானவை, ஆனால் விலக்கு நின்றுவிடவில்லை.

"கல்யாணத்துக்கு முன் எப்படி அம்மா?" என்று கேட்டேன். "மாதாமாதம்தான் வந்தது" என்றார். சரி, பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது கிளினிக்கில் கொடுத்த புத்தகத்தை அடுத்த முறை கொண்டு வாருங்கள் என்றேன். பெட்டியின் அடியில் கிடந்ததை எடுத்து வந்தார். மாதவிலக்கு எத்தனை நாளுக்கொரு முறை என்னும் இடத்தில், அக்கால மருத்துவச்சி "40 - 50 நாள்" என்று எழுதியிருந்தார்! அப்பொழுதுதான் அவருக்கே நினைவு வந்தது. கன்னிப் பருவத்தில் இரண்டு மாதம் தள்ளிப்போவதும் உண்டாம். மகளும் திருமணமாகி இரண்டரை ஆண்டு கழித்தே உண்டானாள். மாத்திரையைத் தொடுவதற்கு முன்பிருந்த வழக்கமே மாத்திரை போனபின் திரும்பி வந்திருந்தது.

ஆனால் "பழைய வழக்கந்தானே" என்று அவரை அனுப்பிவிட முடியாது. நீண்ட இடைவெளிக்கு ஒரு விலை உண்டு. இருபத்தெட்டு நாள் வழக்கமுள்ளவருக்கு ஆண்டில் 13 முறை முட்டை வெளிப்படக்கூடும். 44 நாள் வழக்கமுள்ளவருக்கு எட்டு முறைதான். சில முறை முட்டையே வெளிப்படாமலும் இரத்தம் படும். இன்னொரு தவறும் நடந்திருந்தது. பதினான்காம் நாளே நல்ல நாள் என்று பக்கத்து வீட்டார் சொல்லியிருந்தனர். கணவர் செனவாங்கில் தொழிற்சாலை வேலையில் இருந்து அந்த நாளைப் பார்த்து ஊர் வருவாராம். முட்டை வெளிப்படுவது அடுத்த விலக்குக்கு ஏறக்குறைய 14 நாட்கள் முன்னால். மார்ச் 1-இல் தொடங்கிய சுற்றில் அவர்கள் எண்ணிய நாள் மார்ச் 14. முட்டை வெளிப்பட்டிருக்கக்கூடிய நாளோ மார்ச் 28-ஐ ஒட்டியது. அடுத்த சுற்றில் அவர்கள் எண்ணியது ஏப்ரல் 24. வெளிப்பட்டிருக்கக்கூடியது மே 11 அளவில். அவர்கள் காத்திருந்த நாட்களில் காரியத்துக்கு இடமே இல்லை.

ஒழுங்கற்றவருக்கு அந்த நாளை முன்கூட்டியே எண்ணிச் சொல்ல இயலாது. முட்டையின் வெண்கருபோல வழுவழுப்பான கசிவு தென்படும் நாட்களே ஏற்ற நாட்கள். அதைக் கவனிக்க இயலாதவர்கள் இரண்டு மூன்று நாளுக்கொரு முறை கூடியிருப்பதே வழி. கணவர் வெளியூரில் இருக்கும் குடும்பத்துக்கு இது எளிதன்று என்பதை அறிவேன். அவர் விடுப்பு எடுத்து வந்தார்.

அவருக்கு முகவாயில் முடி சற்று அதிகம். எடை 74 கிலோ. கோலா பிலா மருத்துவமனைக்கு அனுப்பினோம். தைராய்டும், பால் சுரக்கச் செய்யும் ஹார்மோனும் இரத்தச் சோதனையில் சரியாக இருந்தன. ஸ்கேன் படத்தில் சூலகங்களில் சிறு நீர்க்குமிழிகள் நிறைந்திருந்தன. பாலிசிஸ்டிக் ஓவரி என்று மருத்துவர் கூறினார். பல பெண்களுக்கு இளம் பருவத்திலேயே தொடங்கும் நிலை இது, மாத்திரையால் வருவதன்று. மாத்திரை இருந்தவரை அது வெளியே தெரியவில்லை.

மாத்திரையை நிறுத்தி மூன்று மாதமாகியும் விலக்காகாதவர்கள், கர்ப்பமில்லை என்று தெரிந்தபின் கிளினிக்குக்குச் செல்ல வேண்டும். பால் கொடுக்காத மார்பில் பால் கசிந்தாலோ, ஓயாத தலைவலியோடு பார்வை மங்கினாலோ, காரணமின்றி உடல் மெலிந்தாலோ அந்த மூன்று மாதமும் காத்திருக்கலாகாது. நாற்பதைத் தாண்டி நிறுத்துபவருக்கு, மாத்திரை சாப்பிட்ட ஆண்டுகளில் வயது ஏறி விலக்கு நிற்கும் பருவமே நெருங்கியிருக்கலாம். விலக்கு ஒழுங்காக வந்தும் கருத்தரிக்காதவர்கள் ஓராண்டு பார்க்கலாம். 35 வயதைக் கடந்தவர்கள் ஆறு மாதத்திலேயே செல்ல வேண்டும். ஒழுங்கற்றவர்கள் அந்தக் காலக்கெடுவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. மாதக்கணக்கில் இரத்தம் படாமலே விடுவதும் நல்லதன்று; கர்ப்பப்பையின் உட்படலம் தடித்துப்போகும்.

அந்தப் பெண்ணிடம் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கைக் குறைக்கச் சொன்னார்கள். அதாவது நான்கு கிலோ அளவு. இனிப்புத் தேநீரையும் இரவுச் சோற்றின் அளவையும் குறைத்தார். நான் கடைசியாக அவர் நாட்காட்டியைப் பார்த்தபோது இடைவெளி 38, 36 நாட்களாக இறங்கியிருந்தது. முட்டையை முதிரச் செய்யும் மாத்திரை தொடங்குவது குறித்துப் பேச, அடுத்த மாதம் மருத்துவரைக் காண நாள் குறித்திருந்தார்கள். அன்று மாமியாரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறாராம்; புத்தகத்தில் எழுதியிருந்ததை மருமகள் அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்.