ஜன்னல் கொட்டேஷனில் எழுதாமல் விட்டது
(காலாண்டுக் கூட்டத்தில் பேசியதின் எழுத்து வடிவம்)

நம் கட்டடத்தின் பழைய இரும்பு ஜன்னல்கள் துருப்பிடித்து, ஒவ்வொரு வீடாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். நான் போன வருடமே மாற்றிவிட்டேன். வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் லெட்ஜர் சரிபார்த்தவன், ஜன்னல் கொட்டேஷனில் கோட்டைவிட்டேன். அதனால்தான் செயலாளர் என்னைப் பேசச் சொன்னாரோ என்னவோ.

மூன்று கொட்டேஷன் வாங்கினேன். சதுர அடிக்கு அலுமினியம் 420 ரூபாய், யு.பி.வி.சி. 680, தேக்கு 1,450. படுக்கையறை ஜன்னல் ஐந்தடிக்கு நாலடி, அதாவது 20 சதுர அடி. அப்படியானால் அலுமினியம் 8,400, யு.பி.வி.சி. 13,600. ஒரு ஜன்னலுக்கே 5,200 மிச்சம் என்று கணக்குப் போட்டு, அன்றைக்கே அலுமினியத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

நான் பார்க்காதது இதுதான். யு.பி.வி.சி.காரர் எழுதிய 680-ல் 5 மி.மீ. கண்ணாடி, கொசுவலைக் கதவு, பொருத்தும் கூலி, எடுத்து வரும் செலவு எல்லாம் சேர்த்தி. அலுமினியத்தின் 420 வெறும் இரண்டு டிராக், 4 மி.மீ. கண்ணாடி மட்டும். கொசுவலைக்கு மூன்றாவது டிராக் வேண்டும், அதற்குச் சதுர அடிக்கு 110. கண்ணாடியை 5 மி.மீ. ஆக்க 25. பொருத்தி சிலிக்கான் அடிக்க 30. லாரி வாடகையும் மாடி ஏற்றும் கூலியும் என் பங்குக்கு ஜன்னலுக்கு 375. கூட்டினால் 12,075. இரண்டு பேருமே 18 சதவீத ஜி.எஸ்.டி.யைத் தனியாகப் போட்டிருந்தார்கள். அதையும் சேர்த்தால் அலுமினியம் 14,248, யு.பி.வி.சி. 16,048. நான் நினைத்த 5,200 வித்தியாசம் 1,800-க்கு வந்துவிட்டது.

தேக்கை நான் விட்டுவிட்டேன். 1,450-ல் கண்ணாடி, கீல், தாழ்ப்பாள், பாலிஷ் எதுவும் இல்லை. மழைக்காலத்தில் மரம் உப்பிக் கதவு இறுகுவதும், சில வருடத்துக்கு ஒருமுறை பாலிஷ் போடுவதும் வேறு. வெயில், மழை நேராகப் படாத பால்கனிப் பக்கம் என்றால் யோசிக்கலாம்.

அளவிலும் ஒரு விஷயம் உண்டு. என் இன்னொரு ஜன்னல் 55 அங்குலத்துக்கு 46 அங்குலம். 144-ஆல் வகுத்தால் பதினேழரைச் சதுர அடிதான். கொட்டேஷனில் ஐந்தடிக்கு நாலடி என்று முழுசாக்கி 20 போட்டிருந்தார்கள். உங்கள் டேப்பால் நீங்களே அளந்து, எந்த அளவுக்குப் பில் போடுவார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். பாத்ரூம் வென்டிலேட்டர் போன்ற சின்னதுக்குக் குறைந்தபட்ச அளவு என்று ஒன்று வைத்திருப்பார்கள். அதையும் எழுதி வாங்குங்கள்.

கண்ணாடியின் கனத்தை மாட்டுவதற்கு முன்பு, ஓரம் தெரியும்போதே பார்த்துவிட வேண்டும். ஃபிரேமுக்குள் போய்விட்டால் கண்ணால் சொல்ல முடியாது. 4 மி.மீ. என்று சொல்லி மூன்றரை வருவதும் உண்டு. ஒரு வெர்னியர் காலிப்பர் இருந்தால் போதும். டஃபன்டு என்று காசு வாங்கினால் மூலையில் முத்திரை இருக்கிறதா பாருங்கள். கனமான கண்ணாடி போட்டால் எடையும் கூடும். நம் அளவு ஜன்னலில் ஒரு நகரும் கதவின் கண்ணாடி 4 மி.மீ.யில் ஒன்பது கிலோவுக்குச் சற்று மேல், 5 மி.மீ.யில் பதினொன்றரை கிலோ. அதைத் தாங்கும் ரோலர்தானா என்று கேளுங்கள்.

யு.பி.வி.சி. எடுப்பவர்கள், உள்ளே இரும்புப் பட்டை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் நீளமான சட்டம் வளையும். வலுவான காந்தம் ஒன்றை, திருகாணி இல்லாத நடுப்பகுதியில் வைத்தால் இழுக்கும். அலுமினியத்தில் சட்டத்தின் தகடு எத்தனை மி.மீ. என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள். விலை குறைவாகத் தெரிவதற்குப் பல நேரம் அதுதான் காரணம்.

எனக்குப் பெரிய அடி விழுந்தது கிரில்லில். நம் பழைய ஜன்னலில் கிரில் ஃபிரேமோடு வெல்டிங் செய்யப்பட்டது. ஃபிரேமை அறுத்து எடுத்தபோது கிரில்லும் போய்விட்டது. மூன்றாவது மாடி, வீட்டில் நாலு வயதுப் பேரன். வெறும் நகரும் கதவோடு பத்து நாள் அந்த அறையைப் பூட்டியே வைத்திருந்தோம். புதுக் கிரில் 25 கிலோ, பெயிண்டோடு கிலோவுக்கு 130, ஆக 3,250. பழையதை எடுக்க 600. உடைந்த சுவரைப் பூச மேஸ்திரிக்குத் தனிக் கூலி. இவை யாருடைய கொட்டேஷனிலும் இல்லை. நான் யாரிடமும் கேட்கவும் இல்லை. கிரில் தயாராகி வந்த பிறகு பழைய ஜன்னலை எடுக்கச் சொல்லுங்கள்.

கடைசிப் பத்து சதவீதத்தை வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் வெளிப்பக்கம் ஹோஸால் பத்து நிமிடம் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். கீழ் டிராக்கில் தேங்கும் தண்ணீர், வெளிப்பக்க ஓட்டை வழியாக இறங்க வேண்டும். என் வீட்டில் ஒரு ஜன்னலில் அந்த ஓட்டையையே சிலிக்கானால் அடைத்திருந்தார்கள். ஐப்பசி மழையில் கட்டில் நனைந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் முழுப் பணமும் கொடுத்துவிட்டேன்.

என் மூன்று கொட்டேஷனையும் கடைசிப் பில்லையும் அசோசியேஷன் அறையில் கோப்பில் வைத்திருக்கிறேன். யாரும் எடுத்துப் பார்க்கலாம்.