கைபில்லை இயந்திரம் ஏன் தப்பாகப் படிக்கிறது? சரிபார்ப்பை எப்படி அமைப்பது?

(மகளிர் குழுக் கூட்டமைப்புகளின் கணக்காளர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நீங்கள் வாங்கும் பில்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கம்ப்யூட்டரில் அடித்துத் தரும் பில். இன்னொன்று, பில் புத்தகத்தில் பேனாவால் எழுதிக் கிழித்துத் தரும் பில். இரண்டையும் செல்போனில் படம் எடுத்து ஏற்றுகிறீர்கள். முதல் வகை பெரும்பாலும் சரியாகப் பதிவாகிறது. இரண்டாவதில் தொகையே மாறிப்போகிறது. "ரெண்டும் எண்ணுதானே சார், இதுல என்ன கஷ்டம்?" என்று இடைவேளையில் ஒரு அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்வி. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அச்சு பில்லில் 7 என்றால் முதல் வரியிலும் கடைசி வரியிலும் அதே 7தான். எழுத்துக்கு எழுத்து இடைவெளி இருக்கும், தொகை எல்லாம் ஒரே நேர்கோட்டில் நிற்கும். கையெழுத்தில் ஒரே ஆள் ஒரே பில்லில் எழுதிய இரண்டு 7கூட ஒன்றுபோல இருக்காது. சிலர் 1-க்குத் தலையில் கொக்கி போடுவாங்க, அது 7 மாதிரி தெரியும். வேகத்தில் 4-ஐ மேலே மூடிவிட்டால் 9 ஆகிவிடும்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. சொல்லைப் படிக்கும்போது இயந்திரத்துக்குத் துணை உண்டு. "சிமெ_்ட்" என்று ஓர் எழுத்து மங்கியிருந்தாலும், அது சிமெண்ட் என்று பக்கத்து எழுத்துகளை வைத்து ஊகிக்கலாம். எண்ணுக்கு அந்தத் துணை கிடையாது. 4_20 என்று இருந்தால் நடுவில் எந்த எண்ணும் வரலாம், எல்லாமே நியாயமான தொகைதான். ஆக, தப்பு நடந்தால் நமக்குப் பணம் போகிற இடத்தில்தான், இயந்திரத்துக்கு ஊகிக்க வழியே இல்லை.

அடுத்தது நம்ம ஊர் பழக்கங்கள். 180 ரூபாயை "180/-" என்று எழுதுகிறோம். அந்தச் சாய்கோட்டை இயந்திரம் 1 என்று எடுத்துக்கொண்டால் 1801 ஆகிவிடும். பில் புத்தகத்தில் ரூபாய்க்கு ஒரு கட்டம், பைசாவுக்கு ஒரு கட்டம் என்று கோடு போட்டிருப்பாங்க. 450 ஒரு பக்கம், 00 மறுபக்கம் எழுதினால், இரண்டையும் சேர்த்து 45000 என்று படிக்கும் வாய்ப்பு உண்டு. மேல் வரியில் உள்ளதே என்பதற்கு இரண்டு சின்னக் கோடு போடுவோமே, அது 11 ஆகிவிடும். இது போதாதென்று, கடை சீலை மொத்தத் தொகை மேலேயே பளிச்சென்று குத்துவாங்க. அதைச் சீல் என்று நமக்குத் தெரிகிறது, இயந்திரத்துக்கு அதுவும் மை.

சரி, இப்போ ஒரு பில்லை எடுத்துக்குவோம். ஹார்டுவேர் கடை, வரி தனியாகப் போடாத பில். சிமெண்ட் 12 மூட்டை, விலை 410, தொகை 4920. கம்பி 35 கிலோ, விலை 68, தொகை 2380. ஆணி 2 கிலோ, விலை 90, தொகை 180. மொத்தம் 7480.

இயந்திரம் இதில் இரண்டு இடத்தில் தப்பு செய்கிறது என்று வச்சுக்குங்க: சிமெண்ட் 72 மூட்டை என்றும், ஆணித் தொகை 1801 என்றும் படிக்கிறது. முதல் சரிபார்ப்பு பெருக்கல். 72-ஐ 410-ஆல் பெருக்கினால் 29520. பில்லில் இருப்பது 4920. ஒத்துவரவில்லை. ஆணியில் 2-ஐ 90-ஆல் பெருக்கினால் 180, படித்தது 1801. அதுவும் இல்லை. இரண்டாவது சரிபார்ப்பு கூட்டல். 4920, 2380, 1801 சேர்ந்தால் 9101, அடியில் 7480. ஆணி வரியில் 180 என்று வைத்துப் பார்த்தால் கூட்டல் சரியாக வருகிறது. தப்பு எந்த வரியில், எந்தக் கட்டத்தில் என்று இரண்டு கணக்கிலேயே தெரிந்துவிட்டது. சரிபார்ப்பவர் முழு பில்லையும் பார்க்க வேண்டாம், அந்த இரண்டு கட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். "ரூபாய் ஏழாயிரத்து நானூற்று எண்பது மட்டும்" என்று எழுத்தாலும் இருந்தால் இன்னும் நல்லது.

ஆனால் கணக்குக்குச் சிக்காத கட்டங்கள் உண்டு: தேதி, பில் எண், கடையின் ஜிஎஸ்டி எண். ஜிஎஸ்டி எண்ணுக்கு மட்டும் ஒரு நல்ல வழி இருக்கிறது. மொத்தம் 15 இடம். தமிழ்நாட்டுக் கடை என்றால் முதல் இரண்டு இடம் 33. அடுத்த பத்து இடம் பான் எண்: ஐந்து எழுத்து, நான்கு எண், ஓர் எழுத்து. அதனால் எழுத்து வரவேண்டிய இடத்தில் பூஜ்யம் வந்தால் அது ஆங்கில 'ஓ' என்று தெரிந்துவிடும். கடைசி இடம் முந்தைய 14-ஐ வைத்துக் கணக்கிட்டுப் போட்டது. ஓர் இடம் மாறினாலும் அது காட்டிக்கொடுக்கும். தேதிக்கும் பில் எண்ணுக்கும் இப்படி எதுவும் இல்லை. கையெழுத்து பில் என்றால் அந்த இரண்டையும் ஓர் ஆள் பார்த்தே ஆகவேண்டும்.

இயந்திரம் ஒவ்வொரு கட்டத்துக்கும் தன் நம்பிக்கையை ஒரு மதிப்பெண்ணாகத் தரும். அதை மட்டும் நம்பி 90-க்கு மேல் எல்லாவற்றையும் விட்டுவிடாதீங்க. கொக்கி போட்ட 1-ஐ 7 என்று முழு நம்பிக்கையோடு தப்பாகப் படிக்கும். எல்லை எங்கே வைப்பது என்பதை உங்கள் பில்களே சொல்லவேண்டும். முதல் இரண்டு வாரம் எல்லா பில்லையும் ஆளும் படியுங்கள், இயந்திரமும் படிக்கட்டும். எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே தப்பு அதிகமாகிறது என்று கட்டம் கட்டமாகக் குறித்து, அங்கே எல்லையை வையுங்கள்.

சரிபார்க்கும் திரை எப்படி இருக்கவேண்டும் என்பதிலும் ஒரு சூட்சுமம். இயந்திரம் படித்த 7480-ஐ முன்னால் காட்டி "சரியா?" என்று கேட்டால், ஐம்பதாவது பில்லில் யாராக இருந்தாலும் பார்க்காமலே "ஆமாம்" அழுத்துவாங்க. மனுஷ சுபாவம். அதனால் மொத்தத் தொகைக்கு மட்டுமாவது, படித்த எண்ணை மறைத்துவிட்டு, பில்லின் அந்தத் துண்டுப் படத்தை மட்டும் காட்டி, அவரையே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் பதிவு. ஒத்துப்போகாவிட்டால் வேறொருவர் முழு பில்லையும் பார்க்கட்டும். தானாகத் தேறிய பில்களிலும் இருபதில் ஒன்றைச் சும்மா எடுத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் தேறியதில் உள்ள தப்பு வெளியே வராது.

இன்னொன்று. கூட்டல் ஒத்துவராத எல்லாமே இயந்திரத்தின் தப்பு அல்ல. கடைக்காரர் 80 ரூபாய் தள்ளிக்கொடுத்து, எழுதாமல் 7400 என்று போட்டிருக்கலாம். தப்பாகவே கூட்டியிருக்கலாம். அப்போது சரிபார்ப்பவர் 7480 என்று "திருத்த"க் கூடாது. காகிதத்தில் இருப்பதை அப்படியே பதிந்து, "பில்லிலேயே வேறுபாடு" என்று குறித்து, கடையில் கேட்க அனுப்பவேண்டும். இதற்குத் தனிக் குறியீடு வைக்காத இடங்களில், இயந்திரத்தின் தப்பும் கடையின் தப்பும் கலந்து, கடைசியில் எதையும் கண்டுபிடிக்க முடியாமல் போகிறது.

திருத்திய ஒவ்வொன்றையும் கடைப் பெயரோடு எழுதி வையுங்கள். கையெழுத்து ஆளுக்கு ஆள் மாறுவதால், தப்புகளும் பெரும்பாலும் சில கடைகளிலேயே குவியும். அந்தக் கடைக்காரரிடம் போய், "அண்ணே, 1-ஐ வெறும் கோடா போடுங்க, 180-க்குப் பின்னாடி கோடு வேண்டாம், சீலைக் கீழ ஓரமா குத்துங்க" என்று சொன்னால் கேட்பாங்க. கார்பன் நகல் தராமல் மேல் தாளையே தரச் சொல்லுங்கள். படம் எடுக்கும்போது பில்லை மேஜையில் விரித்து, போனின் நிழல் விழாமல், நாலு மூலையும் தெரிய நேர் மேலிருந்து எடுங்கள். கசங்கிய பில்லைக் கையில் பிடித்து எடுத்தால், மடிப்பும் ஒரு கோடாகவே பதிவாகும்.